சராசரி எப்படிச் சமிக்ஞை ஆனது? விலை வரைபடக் கோடுகளின் கணக்கும் வரலாறும்

இந்தியாவில் இன்று எந்தப் பங்குத் தரகு நிறுவனத்தின் செயலியைத் திறந்து விலை வரைபடத்தைப் பார்த்தாலும், ‘இண்டிகேட்டர்’ பட்டியலில் மூன்று பெயர்கள் முன்னால் நிற்கும்: ஆர்எஸ்ஐ, மேக்டி, போலிங்கர் பேண்ட். மூன்றும் சில எண்களோடுதான் வருகின்றன. ஆர்எஸ்ஐக்கு 14. மேக்டிக்கு 12, 26, 9. போலிங்கர் பட்டைக்கு 20, 2. பெரும்பாலோர் இவற்றைத் தொடுவதே இல்லை. மூன்றும் அமெரிக்காவில் 1970களின் பிற்பகுதிக்கும் 1980களின் முற்பகுதிக்கும் இடையே உருவானவை. அவற்றின் அடிப்படைக் கணக்கோ பங்குச் சந்தையில் பிறந்ததில்லை. திருமண விகிதத்தை ஆராய்ந்த புள்ளியியலாளரிடமும், கடற்படையின் உதிரிபாகக் கிடங்குக்குத் திட்டம் வகுத்தவரிடமும் இருந்து கைமாறி வந்தது அது.

அந்தக் கைமாற்றத்தைப் பின்தொடர்வதும், கணக்கு உண்மையில் சொல்வது எது, வணிகர்கள் அதன்மேல் ஏற்றிச் சொல்வது எது என்று பிரித்துக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கோடுகள் எல்லாம் கடந்த விலைமாற்றங்களை வெவ்வேறு நிறை கொடுத்துக் கூட்டியவை மட்டுமே. நாளைய விலை பற்றிய எந்தக் கூற்றும் அந்தக் கணக்குக்குள் இல்லை. அது வெளியிலிருந்து சேர்க்கப்பட்டது.

நடுவிலிருந்து ஓரத்துக்கு

1901இல் ஆர். எச். ஹூக்கர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் இங்கிலாந்தின் திருமண விகிதத்துக்கும் வணிகத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். திருமண விகிதம் நீண்டகாலப் போக்காக மாறிக்கொண்டிருந்தது. அதன்மேல் வணிகச் செழிப்பை ஒட்டிய சிறு ஏற்ற இறக்கங்களும் இருந்தன. இரண்டையும் பிரிக்க, ஒவ்வோர் ஆண்டுக்கும் அதைச் சூழ்ந்த ஒன்பது ஆண்டுகளின் சராசரியைக் கண்டு, அந்தச் சராசரியிலிருந்து ஆண்டு மதிப்பு எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார். சில ஆண்டுகளில் ஜி. உட்னி யூல் எழுதிய கட்டுரையில் இந்த முறைக்கு ‘நகரும் சராசரி’ என்ற பெயர் வந்துவிட்டது. 1904இல் ஸ்பென்சர் என்ற காப்பீட்டுக் கணக்காளர், இறப்பு அட்டவணைகளைச் சீராக்க 15 புள்ளிகள் கொண்ட நகரும் சராசரி ஒன்றை அமைத்தார். இன்றும் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது.

இவர்களின் சராசரி நடுவில் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். 1880ஆம் ஆண்டுக்கான ஒன்பதாண்டுச் சராசரி என்றால் 1876 முதல் 1884 வரை. முன்னால் நான்கு, பின்னால் நான்கு. அதனால் அந்தச் சராசரிக்குப் பிந்தங்கல் கிடையாது. முடிந்துபோன வரலாற்றைப் படிப்பவருக்கு இது வசதி; இன்று வாங்கவேண்டியவருக்கு இந்த வசதி இல்லை. நாளை முதலான விலைகள் அவர் கையில் இல்லாததால், சராசரியை அதன் காலவரம்பின் கடைசி நாளில் கொண்டுவந்து வைக்கிறார். 20 நாள் சராசரியின் உண்மையான இடம் ஒன்பதரை நாளுக்கு முன்னால். வரைபடத்தில் அது இன்றைய தேதியில் வரையப்படுகிறது. 1935இல் எச். எம். கார்ட்லி பங்குச் சந்தை பற்றி எழுதிய பெரும் நூலில் நகரும் சராசரி இடம்பெற்ற காலம் முதல் இன்றுவரை இந்த இடமாற்றம் தொடர்கிறது. 1970இல் ஜே. எம். ஹர்ஸ்ட் தம் நூலில் சராசரியைப் பாதிக் காலவரம்பு பின்னுக்குத் தள்ளி வரையவேண்டும் என்று வற்புறுத்தினார். கணக்கின்படி அவர் சொன்னது சரி. ஆனால் அப்படி வரைந்தால் கோடு இன்றைக்குப் பத்து நாள் முன்பே நின்றுவிடும். எந்த வணிகர் அதை விரும்புவார்?

‘விலை சராசரியைக் கீழிருந்து மேலாக வெட்டினால் வாங்கு’ என்ற பழைய விதியின் பொருள் இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது. வெட்டும் நாளில் நிகழ்வது, இன்றைய விலை கடந்த சில வாரங்களின் பொதுநிலையைத் தாண்டியிருக்கிறது என்பது மட்டுமே.

சராசரியின் இன்னொரு குணத்தை வணிகர்கள் கவனிக்கவேண்டிய காலத்தில் கவனிக்கவில்லை. 1927இல் மாஸ்கோவில் யூஜின் ஸ்லட்ஸ்கி ஒரு சோதனை செய்தார். அரசு நிதித்துறை நடத்திய லாட்டரியின் பரிசு எண்களிலிருந்து இலக்கங்களை வரிசையாக எடுத்துக்கொண்டார். முன்னதுக்கும் பின்னதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத எண்கள் அவை. அவற்றைப் பத்துப் பத்தாக நகர்த்திக் கூட்டி வரைந்தபோது அலையலையாக ஏறி இறங்கும் கோடு கிடைத்தது. அதன் ஒரு பகுதியை 1855 முதல் 1877 வரையான ஆங்கிலேய வணிகச் சுழற்சிக் குறியீட்டுக்கு அருகில் வைத்துக் காட்டினார். இரண்டும் வியக்கத்தக்க அளவு ஒத்திருந்தன. காரணம் எளிது. அடுத்தடுத்த இரண்டு பத்து எண் கூட்டல்களில் ஒன்பது எண்கள் பொதுவானவை; எனவே அவை ஒன்றையொன்று ஒட்டியே நகர முடியும். அலை, எண்களில் இருந்து வரவில்லை. கூட்டும் முறையிலிருந்து வந்தது. 1937இல் ஆங்கிலத்தில் விரிவாக வெளிவந்த இந்தக் கட்டுரை பொருளியலில் புகழ்பெற்றது. வரைபட வணிகர்களின் நூல்களிலோ அதை நான் அரிதாகவே காண்கிறேன்.

கிடங்கிலிருந்து வந்த சராசரி

எளிய நகரும் சராசரிக்கு ஓர் எரிச்சலூட்டும் பழக்கம் உண்டு. 20 நாளுக்கு முன் ஒருநாள் மட்டும் விலை பெரிதாகத் தாவித் திரும்பியிருந்தால், அந்த விலை காலவரம்பை விட்டு வெளியேறும் நாளில், இன்று சந்தையில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் சராசரி துள்ளும். இதற்குத் தீர்வு அமெரிக்கக் கடற்படை வழியாக வந்தது.

ராபர்ட் ஜி. பிரவுன் இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையின் செயல் ஆய்வுப் பிரிவில் நீர்மூழ்கிகளைக் குறிவைக்கும் கணக்குகளில் ஈடுபட்டவர். 1950களில் உதிரிபாகக் கிடங்குகளின் தேவையை முன்கணிக்கும் வேலைக்கு அதே எண்ணத்தைக் கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கான பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் பழைய மாத எண்களை எல்லாம் சேமித்து வைக்க அன்றைய எந்திரங்களில் இடம் இல்லை. பிரவுனின் முறைக்கு ஒரே ஓர் எண் போதும்: பழைய சராசரி. புதிய எண் வந்ததும், அதற்கும் பழைய சராசரிக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பங்கை மட்டும் சராசரியோடு சேர்த்துவிட வேண்டும். அந்தப் பங்கு 10 விழுக்காடு என்றால் இன்றைய எண்ணுக்கு 10 விழுக்காடு நிறை, நேற்றையதற்கு 9, முந்தையதற்கு 8.1 என நிறை தேய்ந்துகொண்டே போகும். எதுவும் திடீரென வெளியேறாது. இதுவே அடுக்குக்குறிச் சராசரி. வணிகர் பேச்சில் ‘ஈஎம்ஏ’.

இதை எளிய சராசரியோடு ஒப்பிடவும் ஒரு வழி இருக்கிறது. இரண்டிலும் எண்களின் சராசரி வயது சமமாக வேண்டும் என்று கொண்டால், நாள்களோடு ஒன்றைக் கூட்டி, இரண்டை அதனால் வகுத்தால் பங்கு கிடைக்கும். 19 நாள் என்றால் 2/20, அதாவது 10 விழுக்காடு. 39 நாள் என்றால் 5 விழுக்காடு.

1960களில் ஜெட் புரபல்ஷன் லேபரட்டரியைச் சேர்ந்த பொறியாளர் பி. என். ஹார்லன் இந்தச் சராசரியைப் பங்கு விலைகளுக்குப் பயன்படுத்தினார். அவர் காலத்தில் நாள்களைச் சொல்லும் வழக்கம் இல்லை. ‘10 விழுக்காட்டுப் போக்கு’, ‘5 விழுக்காட்டுப் போக்கு’ என்றே சொன்னார்கள். 1969இல் ஷெர்மன் மெக்லெலனும் மரியன் மெக்லெலனும், விலை உயர்ந்த பங்குகளின் எண்ணிக்கைக்கும் இறங்கிய பங்குகளின் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 10 விழுக்காட்டுச் சராசரியும் 5 விழுக்காட்டுச் சராசரியும் கண்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார்கள். விரைவான சராசரியிலிருந்து மெதுவான சராசரியைக் கழிக்கும் இந்த அமைப்பை ஜெரால்ட் அப்பெல் 1970களின் பிற்பகுதியில் விலைக்கே பொருத்தினார். மேக்டி பிறந்தது.

அப்பெல் உளப்பகுப்பாய்வாளராகத் தொழில் செய்தவர். அவருடைய 12, 26, 9 என்ற எண்களுக்கு இன்று விதவிதமான விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. பங்குகளாக மாற்றிப் பார்த்தால் 2/13 என்பது 15 விழுக்காட்டுக்குச் சற்று மேல், 2/27 என்பது ஏழரைக்குச் சற்றுக் கீழ், 2/10 என்பது சரியாக 20. அக்கால வழக்கப்படி 15, 7.5, 20 என்ற உருண்டை விழுக்காடுகளாகப் பிறந்து, பிறகு நாள்களாக மொழிபெயர்க்கப்பட்டவை இவை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எப்படியானாலும், சந்தையின் ஏதோ இயற்கைத் தாளம் இந்த எண்களில் ஒளிந்திருப்பதாகக் கொள்ள ஆதாரமில்லை.

ஒரே ஒரு தாவல்

மேக்டியின் அமைப்பு மூன்று படிகள். 12 நாள் ஈஎம்ஏயிலிருந்து 26 நாள் ஈஎம்ஏயைக் கழித்தால் மேக்டி கோடு. அந்தக் கோட்டுக்கே 9 நாள் ஈஎம்ஏ கண்டால் சிக்னல் கோடு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தூண்களாக வரைந்தால் ஹிஸ்டோகிராம்; தாமஸ் ஆஸ்ப்ரே 1986இல் சேர்த்தது. மேக்டி சிக்னலை மேல்நோக்கி வெட்டினால் வாங்கு, கீழ்நோக்கி வெட்டினால் விற்பனை செய் என்பது வணிகர் வழக்கு.

இது என்ன செய்கிறது என்று அறிய, மிக எளிய ஒரு விலையை அதற்கு ஊட்டிப் பார்ப்போம். ஒரு பங்கு நீண்டகாலமாக 100 ரூபாயில் அசையாமல் இருக்கிறது. ஒருநாள் 110க்குத் தாவுகிறது. பிறகு 110இலேயே நிற்கிறது. இது முற்றிலும் கற்பனை அல்ல. ஒரு நிறுவனத்தைக் குறிப்பிட்ட ரொக்க விலைக்கு வாங்கிக்கொள்வதாக இன்னொரு நிறுவனம் அறிவித்தால், பங்கு விலை ஒரே நாளில் அந்த விலையை நெருங்கித் தாவி, பிறகு வாரக்கணக்கில் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

தாவல் நாளை முதல் நாள் என்று கொண்டால், அன்று மேக்டி 0.80. இரண்டாம் நாள் 1.41, ஐந்தாம் நாள் 2.47. விலை அசையவில்லை; மேக்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. அதன் உச்சம் ஒன்பதாம் நாள், 2.78. ஹிஸ்டோகிராமின் உச்சம் நான்காம் நாளிலேயே வந்து, அதன் பிறகு தூண்கள் குறுகத் தொடங்கிவிட்டன. ‘வேகம் குறைகிறது’ என்பார் வரைபடத்தைப் படிப்பவர். 14ஆம் நாள் மேக்டியும் சிக்னலும் 2.44இல் ஒட்டி நிற்கின்றன. 15ஆம் நாள் மேக்டி 2.34, சிக்னல் 2.42. வெட்டு நிகழ்ந்துவிட்டது; விற்பனைச் சமிக்ஞை. இரண்டு வாரமாக ஒரு பைசாகூட நகராத பங்குக்கு!

இதில் தவறு ஏதும் இல்லை. கருவி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. மேக்டி என்பது கடந்த நாள்களின் விலைமாற்றங்களை நிறையிட்டுக் கூட்டியது. அந்த நிறைகள் எவை என்பதை நம் தாவல் காட்டிவிட்டது. இன்று நடந்த ஒரு ரூபாய் மாற்றத்துக்கு அதில் எட்டுப் பைசா அளவே நிறை. எட்டு நாள் முன்பு நடந்த ஒரு ரூபாய் மாற்றத்துக்கு ஏறத்தாழ 28 பைசா. அதுதான் உச்ச நிறை. அதற்கப்பால் மெல்லத் தேய்கிறது. அதாவது மேக்டி அதிகம் கேட்பது கடந்த வாரமும் அதற்கு முந்தைய வாரமும் சொன்ன செய்தியை. ‘மொமெண்டம்’ என்ற சொல்லைக் கேட்டதும் இந்தக் கணத்தின் வேகம் என்று தோன்றுகிறது. கோட்டில் உள்ளதோ சற்றே பழைய, மழுங்கிய வேகம்.

‘டைவர்ஜென்ஸ்’ என்று வணிகர்கள் பெரிதாகப் பேசுவதும் இதிலிருந்தே விளங்கும். விலை புதிய உச்சம் தொடுகிறது, மேக்டி முந்தைய உச்சத்தை எட்டவில்லை; எனவே ஏற்றம் களைத்துவிட்டது என்பது கூற்று. இரண்டாவது ஏற்றம் முதலாவதைவிட மெதுவாக நடந்தால் கணக்கின்படி இது நடந்தே தீரும், ஏனெனில் கோடு அளப்பது உயரத்தை அல்ல, வேகத்தை. இரண்டாவது ஏற்றம் மெதுவானது என்பதுவரை உண்மை. மெதுவான ஏற்றத்துக்குப் பின் இறக்கம் வரும் என்பது தனிக் கூற்று; அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

வைல்டரின் கைக்கணக்கு

1978இல் ஜே. வெல்லஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் ஒரு நூலை வெளியிட்டார். எந்திரப் பொறியியல் படித்து, மனைத்தொழிலில் பணம் ஈட்டி, பிறகு சரக்குச் சந்தைக்கு வந்தவர். ஆர்எஸ்ஐ, ஏடிஎக்ஸ், பாராபோலிக் எஸ்ஏஆர், சராசரி உண்மை வீச்சு என்று இன்றைய செயலிகளில் உள்ள பல கருவிகள் அந்த ஒரே நூலிலிருந்து வந்தவை. அதைக் கையில் கால்குலேட்டரும் கட்டம் போட்ட தாளும் வைத்திருந்த வாசகருக்காக எழுதினார் என்பது அதன் கணக்குகளில் தெரிகிறது.

ஆர்எஸ்ஐ காண, ஏறிய நாள்களின் ஏற்றத்தைத் தனியாகவும் இறங்கிய நாள்களின் இறக்கத்தைத் தனியாகவும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 14 நாள் சராசரி காண வேண்டும். இரண்டு சராசரிகளின் கூட்டுத்தொகையில் ஏற்றத்தின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்பதே ஆர்எஸ்ஐ. 70 என்றால் சராசரி ஏற்றமும் சராசரி இறக்கமும் ஏழுக்கு மூன்று என்ற விகிதத்தில் உள்ளன. 70க்கு மேல் போனால் ‘ஓவர்பாட்’, அளவுக்கு மீறி வாங்கப்பட்டது; 30க்குக் கீழே போனால் ‘ஓவர்சோல்ட்’.

கணக்கைச் சுருக்க வைல்டர் ஒரு வழி செய்தார். முதல் 14 நாளுக்கு எளிய சராசரி. அதன் பிறகு பழைய சராசரியை 13ஆல் பெருக்கி, இன்றைய எண்ணைக் கூட்டி, 14ஆல் வகுப்பது. இது பிரவுனின் முறையே. பங்கு மட்டும் 1/14. ஈஎம்ஏ கணக்கில் இதற்குச் சமமானது 27 நாள். எனவே 14 நாள் ஆர்எஸ்ஐ உண்மையில் மேக்டியின் மெதுவான சராசரியை ஒத்த நினைவாற்றல் கொண்டது. ஒரே பங்குக்கு இரண்டு மென்பொருள்களில் இரண்டு ஆர்எஸ்ஐ வருவதற்கும் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ஒன்று வைல்டர் பங்கையும் மற்றொன்று சாதாரண ஈஎம்ஏ பங்கையும் பயன்படுத்தியிருக்கலாம். அல்லது ஒன்று 30 நாள் விலையை மட்டும் வைத்துத் தொடங்கியிருக்கலாம். 30 விலைகளில் 29 மாற்றங்கள். முதல் 14 போக 15 படிகள்தான் கணக்கு ஓடியிருக்கும். அப்போது தொடக்கச் சராசரியின் நிறை இன்னும் மூன்றில் ஒரு பங்காக மிஞ்சி நிற்கும். 100 படி ஓடவிட்டால் அது ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். எண்கள் பொருந்தாவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

100லிருந்து 110க்குத் தாவிய நம் பங்குக்குத் திரும்புவோம். தாவலுக்கு முன் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க வேண்டியிருப்பதால் ஆர்எஸ்ஐ வரையறுக்கப்படவே இல்லை. தாவிய அன்று 100. அடுத்த நாளும் 100. ஏற்றத்தின் சராசரி நாளுக்கு நாள் தேய்ந்தாலும் இறக்கம் பூச்சியமாகவே இருப்பதால், முதல் இறக்கம் வரும்வரை ஆர்எஸ்ஐ 100இலேயே நிற்கும். வாரக்கணக்கில் யாரும் விலையை ஏற்றவில்லை. கருவி மட்டும் ‘மிக மிக அதிகமாக வாங்கப்பட்டது’ என்கிறது. 15ஆம் நாள் விலை ஒரு ரூபாய் இறங்கி 109 ஆனால் ஆர்எஸ்ஐ 100லிருந்து 78க்கு விழும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இறக்கத்துக்கு 22 புள்ளிச் சரிவு. பங்கு அமைதியாக இருக்கும்போது ஆர்எஸ்ஐ அதிகம் துள்ளுவது ஏன் என்பதற்கு இதுவே விடை: அது ரூபாயை அளக்கவில்லை, விகிதத்தை அளக்கிறது.

பட்டையின் அகலம்

உந்தக் கோடுகள் சராசரிகளின் வேறுபாட்டை அளக்கின்றன என்றால், பட்டைகள் கேட்கும் கேள்வி வேறு. சராசரியிலிருந்து எவ்வளவு விலகினால் அதிகம் என்று சொல்லலாம்? தொடக்கத்தில் சராசரிக்கு மேலும் கீழும் ஐந்து விழுக்காடு என்பதுபோல் ஒரு நிலையான அளவில் கோடு போட்டார்கள். அமைதியான காலத்தில் விலை அந்த எல்லையைத் தொடவே தொடாது. கொந்தளிப்பான காலத்தில் தினமும் தாண்டும். ஒவ்வொரு முறையும் கண்ணளவால் அகலத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

அகலத்தைச் சந்தையிலிருந்தே எடுக்கும் முயற்சி 1960இல் செஸ்டர் கெல்ட்னர் எழுதிய சரக்குச் சந்தை நூலில் காணப்படுகிறது. ஒரு நாளின் உச்ச, தாழ்வு, முடிவு விலைகளின் சராசரியை அந்த நாளின் விலையாகக் கொண்டு அதற்கு 10 நாள் சராசரி. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளிக்கு இன்னொரு 10 நாள் சராசரி. இரண்டாவதை முதலாவதோடு கூட்டினால் மேல் கோடு, கழித்தால் கீழ்க் கோடு. எல்லாம் பேனாவும் தாளும் கொண்டு செய்யக்கூடியவை.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. அமெரிக்கச் சரக்குச் சந்தைகளில் ஒரே நாளில் விலை இவ்வளவுதான் ஏறலாம், இறங்கலாம் என்ற வரம்பு உண்டு. பெரிய செய்தி வந்தால் காலையில் திறக்கும்போதே விலை வரம்பில் போய்ப் பூட்டிக்கொள்ளும். அன்றைய உச்சமும் தாழ்வும் ஒன்றே, இடைவெளி பூச்சியம். ஆண்டிலேயே மிகக் கொந்தளிப்பான நாளைக் கருவி மிக அமைதியான நாளாகப் பதிவு செய்யும். வைல்டரின் ‘உண்மை வீச்சு’ இதைச் சரிசெய்தது: இன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி, நேற்றைய முடிவிலிருந்து இன்றைய உச்சம்வரை, நேற்றைய முடிவிலிருந்து இன்றைய தாழ்வுவரை, இம்மூன்றில் பெரியது எதுவோ அது. பிற்காலத்தில் கெல்ட்னர் பட்டையைத் திருத்தி அமைத்தவர்கள் இந்த வீச்சையே அதில் பொருத்தினார்கள். ஸ்டாப்லாஸ் வைப்பவர்கள் இன்று ‘ஏடிஆர்’ என்று சொல்வது இதன் சராசரியைத்தான்.

ஜான் போலிங்கர் 1980களின் தொடக்கத்தில் வேறு வழியில் வந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்து ஒளிபரப்பான ஃபைனான்ஷியல் நியூஸ் நெட்வொர்க்கில் சந்தை ஆய்வாளராக இருந்தவர். ஆப்ஷன் வணிகத்தில் விலையலைவை அளக்கப் பயன்படும் திட்ட விலக்கத்தைப் பட்டைக்கு எடுத்துக்கொண்டார். அதற்கு ஒவ்வொரு விலைக்கும் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 20 நாளுக்கு, தினமும், பல பங்குகளுக்கு இதைக் கையால் செய்ய யாரும் முன்வர மாட்டார்கள். தனிக்கணினியும் விரிதாளும் வந்த காலம் என்பதால் இது நடந்தது. நடுவில் 20 நாள் எளிய சராசரி. மேலும் கீழும் இரண்டு திட்ட விலக்கம்.

இரண்டு திட்ட விலக்கத்துக்குள் 95 விழுக்காடு விலைகள் அடங்கும், எனவே பட்டையைத் தாண்டுவது இருபதில் ஒருமுறை நடக்கும் அரிய நிகழ்ச்சி என்று பலர் எழுதுகிறார்கள். பாடநூலில் அந்த 95, ஒன்றையொன்று சாராத, இயல்நிலைப் பரவல் கொண்ட எண்களுக்கு உரியது. நேற்றைய விலையிலிருந்தே இன்றைய விலை புறப்படுகிறது. 20 விலைகளும் ஒன்றையொன்று சார்ந்தவை. எடுத்துக்காட்டாக, நாளுக்கு ஒரே அளவில் ஏறிக்கொண்டே போகும் ஒரு பங்கைக் கொள்வோம். தினம் ஒரு ரூபாய் என்றால் சராசரி ஒன்பதரை ரூபாய் பின்தங்கும். திட்ட விலக்கம் 5.77 ரூபாய். ஆகவே விலை எப்போதும் சராசரிக்கு மேலே 1.65 திட்ட விலக்கத்தில் நிற்கும். தினம் பத்து ரூபாய் ஏறினாலும் இரண்டு எண்களும் பத்து மடங்காவதால் அதே 1.65தான். விலை பட்டையின் மேல் விளிம்பையொட்டி மாதக்கணக்கில் நடப்பது அரிய நிகழ்ச்சி அல்ல; சீரான ஏற்றத்தின் இயல்பான தோற்றம். விளிம்பைத் தாண்ட வேண்டுமானால் ஏற்றம் வேகமெடுக்க வேண்டும். போலிங்கரே தம் விதிகளில், மேல் கோட்டைத் தொடுவது தன்னளவில் விற்பனைச் சமிக்ஞை அல்ல என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்த விதி பட்டையளவுக்குப் பரவவில்லை.

நம் தாவல் பங்கில் பட்டை என்ன செய்கிறது? தாவலுக்கு முன் 20 விலைகளும் 100; அகலம் பூச்சியம், மூன்று கோடுகளும் ஒன்றாகிக் கிடக்கின்றன. தாவல் நாளில் சராசரி 100.50, மேல் கோடு 104.86, விலை அதற்கு வெகு மேலே. சராசரியிலிருந்து 4.36 திட்ட விலக்கம். தாவல் பத்து ரூபாயாக இல்லாமல் ஆயிரம் ரூபாயாக இருந்திருந்தாலும் அதே 4.36தான் வரும், ஏனெனில் தாவிய விலையும் அந்த இருபதில் ஒன்று. அது தன்னை அளக்கும் கோலைத் தானே நீட்டிவிடுகிறது. மூன்று நாள் விலை பட்டைக்கு வெளியே நிற்கிறது. நான்காம் நாள் மேல் கோடு சரியாக 110க்கு வந்து விலையைத் தொடுகிறது. ஐந்தாம் நாள் முதல் விலை பட்டைக்குள். விலை பட்டைக்குத் திரும்பியதாக வரைபடம் காட்டும், திரும்பியது பட்டைதான். பத்தாம் நாள் பட்டை மிக அகலமாகிறது, 95 முதல் 115 வரை. அதன் பிறகு சுருங்கத் தொடங்கி, 20ஆம் நாள் மீண்டும் ஒரே கோடாகிறது.

‘ஸ்க்வீஸ்’ என்று சொல்லப்படும் பட்டைச் சுருக்கத்துக்குப் பின் பெரிய நகர்வு வரும் என்பது போலிங்கர் பட்டையின் புகழ்பெற்ற கூற்று. இதில் ஒரு பாதிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது: சந்தையில் அமைதியும் கொந்தளிப்பும் கொத்துக்கொத்தாக வருகின்றன, எந்த அமைதியும் நிலைப்பதில்லை. ஆனால் எப்போது உடையும், எந்தப் பக்கம் உடையும் என்பது பற்றி அகலத்தில் எந்தத் தகவலும் இல்லை. வர்க்கப்படுத்தும்போதே மேல், கீழ் என்ற குறி அழிந்துவிட்டது.

சோதனைக்கு வந்தபோது

இந்தக் கூற்றுகளைப் பழைய விலைகளில் சோதித்த ஆய்வுகளில் 1992இல் பிராக், லகோனிஷாக், லெபரான் மூவரும் வெளியிட்டது ஒரு திருப்பம். 1897 முதல் 1986 வரையான டோ ஜோன்ஸ் குறியீட்டில் 26 எளிய விதிகளை ஓட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை இரண்டு நகரும் சராசரிகள் ஒன்றையொன்று வெட்டும் விதிகள். வாங்கு என்று விதி சொன்ன நாள்களில் குறியீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு என்ற வேகத்தில் ஏறியிருந்தது. விற்பனை என்று சொன்ன நாள்களில் ஏறத்தாழ 7 விழுக்காடு வேகத்தில் இறங்கியிருந்தது. தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாத வேறுபாடு அது. வரைபட வணிகத்தை அதுவரை சோதிடத்தோடு சேர்த்துப் பேசிய பொருளியல் துறை சற்று நின்று பார்த்தது. தரகுச் செலவு கழிக்கப்படாத எண்கள் இவை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஒரு கேள்வி மிஞ்சியது. 26 விதிகளும் எங்கிருந்து வந்தன? பல பத்தாண்டுகளாக எண்ணற்றவர்கள் எண்ணற்ற விதிகளை முயன்று, பிழைத்தவற்றையே நூலில் எழுதினார்கள். பிழைத்தவற்றை மட்டும் எடுத்து அதே பழைய விலையில் சோதித்தால் அவை தேறத்தானே செய்யும்? 1999இல் சல்லிவன், டிம்மர்மன், ஒயிட் மூவரும் 7,846 விதிகள் கொண்ட முழுத் தொகுதியை உருவாக்கி, அத்தனையிலும் சிறந்தது என்று தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான தள்ளுபடியையும் கணக்கில் சேர்த்தார்கள். பழைய காலத்துக்கு, அதாவது 1986 வரை, சிறந்த விதி அந்தத் தள்ளுபடிக்குப் பிறகும் நின்றது. 1987 முதல் 1996 வரையான அடுத்த பத்தாண்டுகளில் அதே விதியை ஓட்டியபோது அதன் மேன்மை காணாமல் போயிருந்தது.

இவை சராசரி வெட்டு போன்ற, சொல்லிலேயே முழுமையாக எழுதிவிடக்கூடிய விதிகளைப் பற்றிய முடிவுகள். டைவர்ஜென்ஸை இந்த வகையில் சோதிப்பது கடினம். எது உச்சம், இரண்டு உச்சங்களுக்கு இடையே எத்தனை நாள் இருக்கலாம், எவ்வளவு குறைந்தால் ‘எட்டவில்லை’ என்று கொள்வது என ஒவ்வொன்றையும் முன்னதாக எழுதி வைக்காவிட்டால், வரைபடத்தைப் பார்ப்பவர் விலை இறங்கிய இடங்களிலெல்லாம் ஒரு டைவர்ஜென்ஸைக் கண்டெடுப்பார். விலை இறங்காத இடங்களில் இருந்த அதே வடிவம் அவர் கண்ணில் படாது. மேக்டிக்கு மூன்று எண்கள், ஆர்எஸ்ஐக்கு ஓர் எண்ணும் இரண்டு எல்லைகளும், பட்டைக்கு இரண்டு எண்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்புகள் முயன்றாலே மூன்றையும் சேர்த்துப் பத்துக் கோடிச் சேர்க்கைகள் வந்துவிடும். கடந்த ஓராண்டு விலையில் அவற்றுள் ஏதோ ஒன்று அருமையாக உழைத்திருக்கும் என்பதற்குச் சந்தையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.